பிஎச் மின்முனையின் மில்லிவோல்ட்டை ஏடிசியின் எல்லைக்குள் கொண்டுவரும் ஆப்-ஆம்ப் சுற்று

கேள்வி: "இறால் குளத்துக்காக ஒரு பிஎச் மீட்டர் செய்து கொண்டிருக்கிறேன். மின்முனை +414 முதல் −414 மில்லிவோல்ட் வரை தரும் என்கிறார்கள். ஆனால் பிஎச் 4 கரைசலில் முக்கி மல்டிமீட்டரில் பார்த்தால் 8 மில்லிவோல்ட்தான் வருகிறது. எல்எம்358 ஒன்றை 3.3 வோல்ட்டில் போட்டுப் பெருக்கிப் பார்த்தேன். எந்தக் கரைசலில் வைத்தாலும் வெளியீடு 2 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது. இஎஸ்பி32-இன் ஏடிசிக்கு ஏற்றபடி கெயினையும் ஆஃப்செட்டையும் எப்படிக் கணக்கிடுவது?"

கணக்கைத் தொடங்குவதற்கு முன் அந்த 8 மில்லிவோல்ட் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதைப் பெருக்க 150 மடங்கு கெயின் வைக்கத் தோன்றும். அது முற்றிலும் தவறான பாதை. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் ஓர் அலகு மாறினால் கண்ணாடி மின்முனையின் வோல்டேஜ் 59.16 மில்லிவோல்ட் மாறும். பிஎச் 7-இல் அது ஏறக்குறைய சுழியமாக இருக்கும். எனவே பிஎச் 4-இல் உங்களுக்கு சுமார் +177 மில்லிவோல்ட் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வோல்டேஜ் ஒரு மெல்லிய கண்ணாடிச் சவ்வின் ஊடாக வருகிறது; அச்சவ்வின் மின்தடை நூற்றுக்கணக்கான மெகாஓம். 200 மெகாஓம் என்று வைத்துக்கொண்டால், 10 மெகாஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட மல்டிமீட்டர் அதனுடன் சேர்ந்து ஒரு வோல்டேஜ் டிவைடராகிவிடுகிறது. 177-ஐ 10-ஆல் பெருக்கி 210-ஆல் வகுத்தால் 8.4 வருகிறது. உங்கள் மின்முனை நன்றாகவே இருக்கிறது. அளந்த கருவிதான் அதன் வோல்டேஜை அமுக்கிவிட்டது.

எல்எம்358-இல் நடந்ததும் இதே கதைதான், ஆனால் எதிர்த்திசையில். அதன் உள்ளீட்டு டிரான்சிஸ்டர்கள் பிஎன்பி வகையைச் சேர்ந்தவை. அவை இயங்குவதற்கான பயஸ் மின்னோட்டம் உள்ளீட்டுக் காலிலிருந்து வெளியே பாய்கிறது. பொதுவான மதிப்பு 45 நானோஆம்பியர். சாதாரணச் சுற்றுகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 200 மெகாஓமின் வழியாக அது பாய வேண்டுமானால் 9 வோல்ட் தேவை. 3.3 வோல்ட் சுற்றில் அது நடக்காது என்பதால், உள்ளீட்டுக் கால் தன்னால் முடிந்த உயரம்வரை ஏறி நின்றுவிடும். எல்எம்358-இன் வெளியீடோ மின்வழங்கலுக்கு ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும் இயல்புடையது. இந்த இரண்டும் சேர்ந்துதான் நீங்கள் காணும் 2 வோல்ட். மின்முனையைக் கழற்றிவிட்டு பிஎன்சி சாக்கெட்டின் நடுப்பின்னையும் வெளிக்கூட்டையும் ஒரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். வெளியீடு உடனே இறங்கினால் காரணம் பயஸ் மின்னோட்டம்தான் என்பது உறுதி.

ஆகவே இங்கே ஆப்-ஆம்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உள்ளீட்டு மின்னோட்டம். கெயினும் வேகமும் அதற்குப் பின்தான். நான் எம்சிபி6002-ஐ எடுத்துக்கொள்கிறேன். அறை வெப்பநிலையில் அதன் பயஸ் சுமார் 1 பிக்கோஆம்பியர். 200 மெகாஓமில் அது உண்டாக்கும் பிழை 0.2 மில்லிவோல்ட், அதாவது பிஎச் அளவில் 0.003. அது 1.8 வோல்ட்டிலிருந்தே இயங்கும். வெளியீடும் இரு எல்லைகளுக்கும் மிக அருகில் செல்லும். டிஎல்072-உம் உள்ளீட்டு மின்னோட்டம் குறைந்ததுதான் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் 3.3 வோல்ட் ஒற்றை மின்வழங்கலுக்கு அது உதவாது.

இனி ஏடிசியின் பக்கம். இஎஸ்பி32-இன் ஏடிசி 0 முதல் 3.3 வோல்ட் வரை ஒரே சீராக அளக்கும் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் இரு ஓரங்களிலும் ஏமாற்றம்தான். 11 டெசிபெல் அட்டெனுவேஷனில் அது நம்பகமாக அளப்பது 150 முதல் 2450 மில்லிவோல்ட் வரை; அதற்குக் கீழும் மேலும் கோடு வளைந்துவிடும். எனவே நமக்குரிய இலக்கு 3.3 வோல்ட் அகலமன்று, 2.3 வோல்ட் அகலம். அதன் நடுப்புள்ளி 1.65 அன்று, 1.30 வோல்ட். பலருடைய சுற்றுகள் தாளில் சரியாக இருந்தும் ஏதோ ஒரு கரைசலில் மட்டும் தவறாகக் காட்டுவதற்கு இந்த ஓர வளைவு ஒரு முக்கியக் காரணம்.

உள்ளீட்டுப் பக்கத்தில் ±414 என்பது பிஎச் 0 முதல் 14 வரைக்கான கணக்கு. குளத்துநீர் 7-க்கும் 9-க்கும் இடையில்தான் உலவும். மீட்டரைச் சரிபார்த்து அளவீடு செய்ய 4.01, 10.01 கரைசல்களும் தேவைப்படும். 2 முதல் 12 வரை வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. அதாவது நடுவிலிருந்து இருபுறமும் 5 அலகுகள். ஆனால் சரிவு வெப்பநிலையோடு கூடும்; 40 டிகிரியில் அது 62.1 மில்லிவோல்ட். ஐந்து அலகுக்கு 311 மில்லிவோல்ட். பழைய மின்முனைகள் பிஎச் 7-இல் சரியாகச் சுழியத்தைத் தராமல் சற்று விலகி நிற்கும் என்பதால் அதற்கு 30 மில்லிவோல்ட் ஒதுக்கினால், நாம் இடமளிக்க வேண்டிய வீச்சு ±341 மில்லிவோல்ட்.

வெளியீட்டில் நமக்குக் கிடைக்கும் வீச்சு ±1.15 வோல்ட். 1.15-ஐ 0.341-ஆல் வகுத்தால் கெயின் 3.37-க்கு மேல் போகக் கூடாது என்பது தெரிகிறது. ஆஃப்செட் 1.30. பள்ளியில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடுதான் இது. சரிவும் வெட்டுத்துண்டும் கிடைத்துவிட்டன. ஆனால் அந்த வெட்டுத்துண்டைச் சுற்றில் எங்கே சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

புத்தகங்களில் காணப்படும் வழக்கமான முறை, நேர் உள்ளீட்டில் இரண்டு ரெசிஸ்டர்களை வைத்து சென்சார் வோல்டேஜையும் ஒரு நிலையான வோல்டேஜையும் கூட்டுவது. சென்சாரின் மின்தடை சில நூறு ஓம் என்றால் அது அருமையான முறை. இங்கோ 200 மெகாஓமின் முன் 100 கிலோஓம் ரெசிஸ்டரை வைத்தால், உங்கள் மல்டிமீட்டர் செய்த வேலையை அதைவிடக் கடுமையாக நாமே செய்தவர்களாவோம். இதைத் தவிர்க்க ஒரு நேரான வழி இருக்கிறது. மின்முனையின் எந்த முனையும் தரையோடு கட்டப்பட்டதன்று. அது ஒரு பாட்டரியைப் போல மிதக்கிறது. அதனால் ஒப்பீட்டு முனையை, அதாவது பிஎன்சியின் வெளிக்கூட்டை, தரையில் இணைக்காமல் 1.3 வோல்ட்டில் இணைத்துவிடலாம். கெயினை நிர்ணயிக்கும் ரெசிஸ்டரின் கீழ்முனையையும் அதே புள்ளியில் இணைத்துவிட்டால் கணக்கு இவ்வளவு எளிதாகிவிடும்:

```
Vout = Vmid + Ve * (1 + Rf/Rg)
```

இதில் Vmid என்பது அந்த 1.3 வோல்ட், Rf என்பது வெளியீட்டையும் எதிர் உள்ளீட்டையும் இணைக்கும் ரெசிஸ்டர், Rg என்பது எதிர் உள்ளீட்டிலிருந்து Vmid-க்குப் போகும் ரெசிஸ்டர், Ve என்பது மின்முனையின் வோல்டேஜ். அது எதிர்மறையானாலும் ஆப்-ஆம்பின் கால் தரைக்குக் கீழே போவதில்லை. Vmid எங்கே நின்றாலும் அதைச் சுற்றியே எல்லாம் ஏறி இறங்கும். கெயினை மாற்றினால் ஆஃப்செட் தானும் நகர்ந்துவிடும் என்ற தொல்லையும் இல்லை.

ரெசிஸ்டர் மதிப்புகளுக்கு Rf 22 கிலோஓம், Rg 10 கிலோஓம் வைத்தால் கெயின் 3.2. நடுவோல்டேஜுக்கு 3.3 வோல்ட்டிலிருந்து மேலே 15 கிலோஓம், கீழே 10 கிலோஓம், கிடைப்பது 1.32 வோல்ட். வீச்சு ±1.09 வோல்ட் என்பதால் வெளியீடு 0.23-க்கும் 2.41-க்கும் இடையில் நிற்கிறது. எல்லாமே எந்தக் கடையிலும் கிடைக்கும் மதிப்புகள். பிஎச் ஓர் அலகுக்கு 25 டிகிரியில் 189 மில்லிவோல்ட் கிடைக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 15-உம் 10-உம் சேர்ந்த டிவைடரை நேரடியாக Vmid-ஆகப் பயன்படுத்தினால், அந்தப் புள்ளிக்குப் பின்னால் இரண்டும் இணையாகச் சேர்ந்து 6 கிலோஓம் மின்தடை நிற்கிறது. Rg வழியாக வரும் மின்னோட்டம் அதிலும் பாய்வதால் நடுவோல்டேஜ் சமிக்ஞையோடு சேர்ந்தே ஆடத் தொடங்கும். கணக்கிட்டால் வெளியீடு 3.2 மடங்குக்குப் பதிலாக 3.8 மடங்காக மாறுகிறது, வீச்சு 0.02 முதல் 2.62 வோல்ட் வரை விரிந்து, இருபுறமும் ஏடிசியின் நல்ல பகுதியைத் தாண்டிவிடும். இதனால்தான் எம்சிபி6002-இல் உள்ள இரண்டாவது ஆப்-ஆம்பை வோல்டேஜ் ஃபாலோயராக வைத்து, டிவைடருக்குப் பின் அதன் வெளியீட்டையே Vmid-ஆகக் கொள்ள வேண்டும். டிவைடரின் நடுவில் தரைக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் இருக்கட்டும். ஃபாலோயரின் வெளியீட்டில் அதை நேரடியாகப் போடாதீர்கள். ஆப்-ஆம்ப் அலையத் தொடங்கிவிடும்.

1.32 வோல்ட் என்பது 3.3 வோல்ட்டிலிருந்து பிறக்கிறது. இஎஸ்பி32-இன் ஏடிசியோ உள்ளே இருக்கும் தனி ஒப்பீட்டு வோல்டேஜை வைத்து அளக்கிறது. எனவே வைஃபை ஒலிபரப்பும்போது 3.3 வோல்ட் சற்று இறங்கினால் ஆஃப்செட்டும் இறங்கும், அது பிஎச் மாற்றமாகவே தெரியும். Vmid-ஐ இன்னொரு ஏடிசி காலில் அளந்து கழித்துவிட்டால் இது பெரும்பாலும் மறைந்துவிடும். வைஃபை இயங்கும்போது ஏடிசி2-இன் கால்களை நம்ப முடியாது என்பதால் இரண்டும் ஏடிசி1-இல் இருக்கட்டும்.

```cpp
float diff = (int)analogReadMilliVolts(34)
         - (int)analogReadMilliVolts(35);
float ve = diff / 3.2;           // mV
float pH = 7.0 - ve / 59.16;     // 25 C
```

அந்த `(int)` தேவையற்ற அலங்காரமன்று. அந்தச் செயற்கூறு குறியற்ற எண்ணைத் தருகிறது; அதை மாற்றாமல் கழித்தால் பிஎச் 7-க்கு மேல் போனவுடன் கோடிக்கணக்கான எண் ஒன்று திரையில் தோன்றும். ஒரே ஒரு வாசிப்பை எடுத்து நம்பவும் வேண்டாம்; நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 100 மில்லிவினாடி முழுவதும் பரப்பி எடுத்த வாசிப்புகளைச் சராசரியாக்கினால், ஐந்து முழு அலைகள் அடங்கி, மின்கம்பிகளிலிருந்து ஏறும் இரைச்சல் தனக்குத்தானே அழிந்துவிடும்.

சுற்றுப்படம் இத்துடன் முடிந்தது. ஆனால் இது வேலை செய்யுமா என்பதை அதிகமும் தீர்மானிப்பது பலகையின் சுத்தம்தான், வரைபடமன்று. நேர் உள்ளீட்டுக் காலிலிருந்து தரைக்கு 10 ஜிகாஓம் கசிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த மல்டிமீட்டரும் அதைக் காட்டாது. நாம் ஒப்பீட்டு முனையை 1.32 வோல்ட்டில் உயர்த்தி வைத்திருப்பதால், அந்தக் கசிவு 200 மெகாஓம் கண்ணாடிக்கு எதிராகக் காலை 26 மில்லிவோல்ட் கீழே இழுக்கும். திரையில் பிஎச் 0.4 அதிகமாகத் தெரியும். கசிவு 1 ஜிகாஓமாக இருந்தால் இழுப்பு 220 மில்லிவோல்ட். சரிவிலும் ஆறில் ஒரு பங்கு போய்விடும். நான் முதலில் செய்த பலகை, காலைப் பனியில் அரை அலகு கூட்டிக் காட்டும், வெயில் ஏறினால் தானே சரியாகும். குளத்தில் இரவுக்கும் பகலுக்கும் பிஎச் இயல்பாகவே மாறும் என்பதால், அது நீரின் போக்கு என்றே பல நாட்கள் நினைத்துக் குறித்து வந்தேன். ஒருநாள் அதிகாலையில் மின்முனையைக் குளத்திலிருந்து எடுத்து பிஎச் 7 கரைசலில் வைத்தபோதும் அதே அரை அலகு கூடுதலாக வந்தது. அப்போதுதான் குற்றம் பலகையில் எஞ்சியிருந்த சால்டரிங் ஃபிளக்ஸில் என்பது புரிந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் அதைத் தீர்த்துவைத்தன.

கசிவைத் தடுப்பதற்கு ஒரு சிறு தந்திரம், ஐசியின் எந்தப் பாதியை மின்முனைக்குக் கொடுப்பது என்பதிலேயே இருக்கிறது. எட்டுக்கால் எம்சிபி6002-இல் முதல் ஆப்-ஆம்பின் நேர் உள்ளீடு 3-ஆம் கால். அதன் பக்கத்து வீட்டுக்காரர் 4-ஆம் காலான தரை. இது கசிவுக்கு விரித்து வைத்த பாய். இரண்டாவது ஆப்-ஆம்பின் நேர் உள்ளீடான 5-ஆம் காலோ மூலையில் இருக்கிறது. அதன் ஒரே அண்டை 6-ஆம் கால், அதாவது எதிர் உள்ளீடு. பின்னூட்டத்தால் 5-உம் 6-உம் எப்போதும் ஒரே வோல்டேஜில் நிற்பதால் இடையில் அழுக்கு இருந்தாலும் அதன் வழியே பாய மின்னோட்டத்துக்குக் காரணமில்லை. ஆகவே மின்முனைக்கு இரண்டாவதையும், Vmid ஃபாலோயருக்கு முதலாவதையும் வைத்துக்கொள்ளுங்கள். பலகையை நீங்களே வடிவமைப்பதானால், 5-ஆம் காலிலிருந்து பிஎன்சியின் நடுப்பின் வரை செல்லும் தடத்தைச் சுற்றி 6-ஆம் காலோடு இணைந்த ஒரு செம்பு வளையத்தையும் வரைந்துவிடுங்கள். துளைப்பலகை என்றால் 5-ஆம் காலைத் துளையில் நுழைக்காமல் மேலே வளைத்து, பிஎன்சியின் நடுக்கம்பியைக் காற்றிலேயே நேராகப் பற்றவைப்பது பார்க்க அழகாயிராது. ஆனால் காற்றைவிட மலிவான நல்ல காப்புப் பொருள் கிடையாது.

மின்முனையை இணைப்பதற்கு முன் சுற்றை அது இல்லாமலே சோதித்துவிடுங்கள். முதலில் பிஎன்சியைக் குறுக்கிணைத்தால் வெளியீடும் Vmid-உம் ஒன்றாக, சுமார் 1.32 வோல்ட்டில் நிற்க வேண்டும். ஆப்-ஆம்பின் உள் ஆஃப்செட் 4.5 மில்லிவோல்ட் வரை இருக்கலாம் என்பதால் 14 மில்லிவோல்ட் வரையிலான வேறுபாடு இயல்பானது. அது பின்னர் அளவீட்டில் கழிந்துவிடும். அடுத்து 1.5 வோல்ட் பாட்டரி ஒன்றின் குறுக்கே 39 கிலோஓமையும் 10 கிலோஓமையும் தொடராகப் போட்டு, 10 கிலோஓமின் குறுக்கே கிடைக்கும் 0.306 வோல்ட்டைப் போலி மின்முனையாகக் கொடுங்கள். வெளியீடு 2.30 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். முனைகளை மாற்றினால் 0.34-க்கு இறங்க வேண்டும். இதில் இறங்கும் பாதியை உங்கள் எல்எம்358-கூடச் செய்துகாட்டிவிடும், ஏனென்றால் இதுவரை மூலத்தின் மின்தடை சிறியதாகவே இருந்தது. உண்மையான தேர்வு இனிதான்: பத்து 10 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் பற்றவைத்து, விரல் படாமல், நடுப்பின்னுக்குப் போகும் கம்பியில் இடையே வையுங்கள். நல்ல பலகையில் வெளியீடு ஓரிரு மில்லிவோல்ட்டுக்கு மேல் நகரக் கூடாது. கீழ்நோக்கி நகர்ந்தால் தரைக்குக் கசிவு. மேல்நோக்கி நகர்ந்தால் மின்வழங்கல் தடத்திலிருந்து கசிவு, அல்லது ஐசி நீங்கள் கேட்டது இல்லை.

இதைத் தாண்டிவிட்டால் மின்முனையை இணைத்து அளவீடு செய்யலாம். 25 டிகிரியில் பிஎச் 7.00 கரைசலில் வெளியீடு 1.32 வோல்ட்டை ஒட்டியும், 4.01 கரைசலில் சுமார் 1.89 வோல்ட்டிலும், 10.01 கரைசலில் சுமார் 0.75 வோல்ட்டிலும் நிற்க வேண்டும். இரண்டு கரைசல்களில் நிரல் தரும் ve-இலிருந்து உண்மையான சரிவைக் கணக்கிட்டு 59.16-க்குப் பதிலாக நிரலில் போட்டுக்கொள்ளுங்கள்; பிஎச் 7.00 கரைசலில் வந்த ve-ஐயும் ஒவ்வொரு ve-இலிருந்தும் கழித்துவிடுங்கள். அந்தச் சரிவு 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்தால் மின்முனை தேய்ந்துவிட்டது என்று உடனே தூக்கி எறிய வேண்டாம். 100 மெகாஓம் தேர்வை மறுபடி ஒருமுறை செய்து, பலகை குற்றமற்றது என்று தெரிந்த பிறகே புதியதை வாங்குங்கள்.

கடைசியாக, கண்ணாடி டம்ளரில் கச்சிதமாகக் காட்டும் மீட்டர் குளத்தில் இறக்கியவுடன் ஓர் அலகு, இரண்டு அலகு தள்ளிக் காட்டுவது உண்டு. குளத்துநீர் ஏர் மோட்டார்களின் உடல் வழியாகவும் கரையின் வழியாகவும் பூமியோடு இணைந்திருக்கிறது. நம் ஒப்பீட்டு முனையோ சுற்றின் தரையைவிட 1.32 வோல்ட் மேலே நிற்கிறது. சுற்றின் தரை, யுஎஸ்பி வழியாக எர்த் செய்யப்பட்ட கணினியையோ, அதே நீரில் முக்கிய உப்புத்தன்மை சென்சாரையோ தொட்டிருந்தால், அந்த 1.32 வோல்ட் ஒப்பீட்டு முனையின் நுண்துளை வழியே நீருக்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். அங்கே இழக்கும் வோல்டேஜ் முழுவதும் பிஎச் பிழையாகத் தெரியும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி அதன் பாட்டரியில் மட்டும் ஓடவிட்டு, உப்புத்தன்மை சென்சாரையும் நீரிலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள்; வாசிப்பு சட்டென்று சரியானால் நோய் இதுதான். நிரந்தரமாக வைப்பதானால் பிஎச் பகுதிக்கென்று பி0505எஸ் போன்ற ஒரு தனிமைப்படுத்திய டிசி-டிசி மாட்யூலைக் கொடுத்து, ஏடிசியையும் அந்தப் பக்கமே வைத்து, எண்களை மட்டும் டிஜிட்டல் ஐசோலேட்டர் வழியாக இஎஸ்பி32-க்குக் கடத்துவதே சரியான அமைப்பு. அப்போது இஎஸ்பி32-இன் உள் ஏடிசியை விட்டுவிட்டு ஏடிஎஸ்1115 போன்ற ஒன்றுக்கு மாற நேரும். அதன் எல்லை வேறு என்பதால் மேலே போட்ட கெயின் கணக்கை மட்டும் ±341 மில்லிவோல்ட்டிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.